‘ஜஸ்ட்’ என்ற சொல் யாருடைய வேலையைச் சிறிதாக்குகிறது?

சில வருடங்களுக்கு முன்னர், வன்னியில் வேலை செய்த ஒரு நிறுவனத்துக்காக ஒப்பந்த அடிப்படையில் அறிக்கையொன்றை எழுதிக்கொண்டிருந்தேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் 14 குடும்பங்கள் பற்றிய அட்டவணையில் ஒரு நிரல் வெறுமையாக இருந்தது. கள உத்தியோகத்தரான அக்கா ஒருவருக்கு வட்ஸ்அப்பில் இப்படி எழுதினேன்: “அக்கா, ஜஸ்ட் அந்தத் திகதிகளை மட்டும் நிரப்பி இன்றைக்கே அனுப்பிவிடுங்கோ.”

அன்று பதில் வரவில்லை. அடுத்த நாள் இரவு வந்தது: “தங்கச்சி, ஜஸ்ட் எண்டு எழுதாதேங்கோ. பிள்ளையைக் கடைசியாக் கண்ட நாளைத்தான் நான் அந்த அம்மாமாரிட்டத் திரும்பவும் கேக்கவேணும்.”

எனக்கு அது 14 வெற்றுக் கட்டங்கள். அவருக்கு அது 14 வீட்டு வாசல்கள். 2010 இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, பின்னர் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் என்று அந்தத் தாய்மார் பலர் அதே திகதியைப் பல மேசைகளின் முன்னால் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவையும் ‘ஜஸ்ட்’ என்ற ஒரு சொல்லுக்குள் நான் சுருக்கியிருந்தேன்.

எழுதும்போது நான் நினைத்தது வேறு. கட்டளை போலத் தெரியக்கூடாது என்றுதான் அந்தச் சொல்லைப் போட்டேன். இந்தச் சொல்லின் சிக்கலே அதுதான். “ஜஸ்ட் ஒரு சந்தேகம் கேட்க எழுதுகிறேன்” என்றால், எழுதுபவர் தன்னைச் சிறிதாக்கிக்கொள்கிறார். வாசிப்பவருக்கு அது வலிக்காது. “ஜஸ்ட் இதைச் செய்துவிடுங்கோ” என்றால், சிறிதாவது மற்றவருடைய வேலை. அது இலகுவான வேலை என்று செய்யாதவரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். முடியாமல் போனாலோ பிந்தினாலோ, பிழை செய்பவருடையது என்ற அர்த்தமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நேரில் கதைக்கும்போது குரலும் முகமும் இதைச் சமாளித்துவிடும். குறுஞ்செய்தியில் சொல் மட்டுமே போய்ச் சேருகிறது. அனுப்புபவர் தலைமை அலுவலகத்திலும் வாசிப்பவர் களத்திலும் இருந்தால் அது இன்னும் கனக்கும்.

‘சிம்ப்ளி’ இதற்கு நெருங்கிய உறவு. “சிம்ப்ளி அந்த லிங்கை அழுத்தி உள்ளே போங்கோ” என்று வாசிக்கும் ஒருவருக்கு உள்ளே போக முடியவில்லை என்றால், அவர் திரும்பக் கேட்கத் தயங்குவார். சுகமான வேலையையே தெரியாதவர் என்று ஆகிவிடுமே. அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படிகளை எழுதலாம்: “லிங்கை அழுத்துங்கோ. கடவுச்சொல் கேட்கும். வேலை செய்யாவிட்டால் எனக்கு அழையுங்கோ.”

‘ஆக்சுவலி’ வேறுவிதமாகக் குத்தும். அது எதிர்பார்ப்புக்கு மாறானதைச் சுட்டும் சொல். “ஆக்சுவலி அது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது” என்றால், ‘நீங்கள் பார்க்கவில்லை’ என்று கேட்கிறது. “அறிக்கை ஆக்சுவலி நல்லா இருக்கு” என்ற பாராட்டில், நல்லாக இராது என்று நினைத்திருந்தது வெளியே வந்துவிடுகிறது. இரண்டு வசனத்திலும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் போதும், பொருள் குறையாது.

ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு ‘சும்மா’, ‘மட்டும்’, ‘தானே’ என்று போட்டாலும் சில இடங்களில் இதே வேலைதான் நடக்கும். “ஒரு பட்டியல்தானே அக்கா” என்பதை வாசித்துப் பாருங்கள். ஆனால் ‘ஒருக்கா’ அப்படியல்ல. “ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ” என்பது எங்கள் பேச்சில் கேட்பதை மென்மையாக்குகிறது. வேலையின் அளவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆகவே அனுப்புவதற்கு முன்னர் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொல் யாருடைய வேலையைச் சிறிதாக்குகிறது?

அந்தச் செய்தியை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: “அக்கா, அட்டவணையில் 14 பேருடைய திகதிகள் இல்லை. முதலே பதிந்த படிவங்களில் இருக்குமா? இல்லாவிட்டால் திரும்பக் கேட்க வேண்டிவருமா? எவ்வளவு நாள் தேவை என்று சொல்லுங்கோ, நான் அறிக்கையின் திகதியைப் பற்றி அலுவலகத்தோடு கதைக்கிறேன்.”

இது நீளமான செய்திதான். ஆனால் சொல்லை எடுப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ‘ஜஸ்ட்’ இல்லாமல் “இன்றைக்கே அனுப்புங்கோ” என்று எழுதியிருந்தாலும் அந்தக் கோரிக்கை நியாயமற்றதாகவே இருந்திருக்கும். அந்தச் சொல்லை அழித்தபோது மிஞ்சிய வசனத்தில்தான், நான் எவ்வளவு பெரிய வேலையைக் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

அன்று 9 திகதிகள் பழைய படிவங்களிலேயே கிடைத்தன. மிகுதி 5 வீடுகளுக்கும் அக்கா போகவில்லை. அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டே அறிக்கையைக் கொடுத்தேன். அவற்றை ஏன் நிரப்பவில்லை என்று யாரும் கேட்கவில்லை.