அத்தை மாமாவாக மாறினால்

பிரெஞ்சு வகுப்பில் முதலில் எழுதச் சொல்லும் பத்திகளில் ஒன்று குடும்பத்தைப் பற்றியது. உறவுப் பெயர்களை எப்படியோ மனப்பாடம் செய்துவிடலாம். தடுமாற வைப்பது, அவர்களை வர்ணிக்கும் பெயரடை. தமிழில் 'உயரமான மாமா', 'உயரமான அத்தை' என்று அது மாறாமல் நிற்கும். பிரெஞ்சில் பாலும் எண்ணும் பார்த்து உருமாறும். சில பெயரடைகள் பெயருக்கு முன்னால் வரும், பெரும்பாலானவை பின்னால் வரும்.

செவிலியராக இருக்கும் ஓர் அத்தையைப் பற்றி எழுதுவோம். 'எல் எ ஆன்ஃபிர்மியேர்' என்றால் அவர் செவிலியர். தொழிலைத் தனியாகச் சொல்லும்போது, 'ஒரு' என்று பொருள்படும் 'யூன்' வராது. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிப்பவர்கள் அதை இங்கே செருகிவிடுவார்கள். ஆனால் தொழிலுடன் பெயரடை சேர்ந்துவிட்டால் 'யூன்' கட்டாயம். அப்போது 'எல் எ' நீங்கி 'செ' வந்து, 'செத்யூன் ஆன்ஃபிர்மியேர் செரியோஸ்' என்றாகும். அதாவது, பொறுப்பான செவிலியர். பெயரடை பின்னால் நிற்பதைக் கவனியுங்கள்.

'நல்ல செவிலியர்' என்றால் பெயரடை முன்னால் வரும்: 'யூன் பொன் ஆன்ஃபிர்மியேர்'. நல்ல, அழகான, இளைய, வயதான, சிறிய, பெரிய போன்ற அன்றாடப் பெயரடைகள் சில மட்டும் இப்படி முந்திக்கொள்ளும். இடம் மாறினால் பொருளே மாறுவதும் உண்டு. மனிதரைக் குறிக்கும் 'ஓம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'கிரான்' வந்தால் மாமனிதர். பின்னால் வந்தால் உயரமானவர். மாமாவின் உயரத்தைச் சொல்ல 'இல் எ கிரான்' என்று தனி வாக்கியமாக எழுதிவிடுவதே நல்லது.

பத்தி சரியா என்று பார்க்க, அத்தையை மாமாவாக்கிப் பாருங்கள். செவிலியர் 'ஆன்ஃபிர்மியே' ஆவார். 'செரியோஸ்' என்பது 'செரியோ' ஆகும். குள்ளமான அத்தை 'ப்தீத்', மாமா 'ப்தீ'. பெண்பாலில் கடைசியில் சேரும் 'இ' எழுத்து ஒலிக்காது; தனக்கு முன்னுள்ள மெய்யை ஒலிக்க வைக்கும். பன்மைக்குச் சேரும் 'எஸ்' பொதுவாகக் காதுக்கே எட்டாது. பேச்சில் தப்பிவிடுகிறவர்கள் எழுத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

விதிக்கு அடங்காதவர்களும் குடும்பத்தில் உண்டு. வயதானவருக்கு 'வியோ' என்றாலும், மாமா என்ற 'ஓன்க்ல்' உயிரொலியில் தொடங்குவதால் அவர் 'வியேய் ஓன்க்ல்'. பாட்டியைக் குறிக்கும் 'கிரான்-மேர்', பெண்ணாக இருந்தும் அந்த 'இ'யை ஏற்பதில்லை.

அத்தை மருத்துவர் என்றால் இன்னொரு முடிச்சு. 'மெத்சன்' மரபில் ஆண்பால் சொல் என்பதால், பெண்ணையும் ஆண்பால் பெயரடையோடு 'அன் போன் மெத்சன்' என்றே எழுதிவந்தார்கள். தொழிற்பெயர்களைப் பெண்பாலாக்குவதை நெடுங்காலம் எதிர்த்த பிரெஞ்சு அகாதெமி, 2019இல் தன் நிலையைத் தளர்த்தியது. இப்போது 'யூன் பொன் மெத்சன்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் 'யூன்' வந்த இடத்தில் 'பொன்', 'அன்' வந்த இடத்தில் 'போன்' என்று ஜோடி சேர்ந்தாக வேண்டும்.