கூழ் தெறிக்கும், டீத்தண்ணீர் தெறிக்காது

டீயைக் குடித்துக்கொண்டே அடுப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். டீத்தண்ணீர் கொதிக்கும்போது குமிழிகள் சுலபமாக மேலே வந்து உடைந்துவிடுகின்றன. பக்கத்து அடுப்பில் கேழ்வரகுக் கூழ் இருந்தால் கதை வேறு. குமிழி உள்ளேயே சிக்கி, உப்பி, 'டப்'பென்று வெடித்துக் கையைச் சுடும். எரிமலைகளின் குணமும் இப்படித்தான் பிரிகிறது.

பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பில் நீராவி, கரியமில வாயு எல்லாம் கரைந்திருக்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறையும். சோடாவைத் திறந்ததுபோல வாயு குமிழிகளாகப் பிரியும். அந்தக் குமிழி தப்புமா, சிக்குமா என்பதைக் குழம்பின் கெட்டித்தன்மை தீர்மானிக்கிறது. கெட்டித்தன்மைக்கு முக்கியக் காரணம் சிலிக்கா. அது கூடக்கூட அணுக்கள் சங்கிலிபோலக் கோத்துக்கொண்டு குழம்பை இறுக்கிவிடும். சூடு குறைந்தாலும் குழம்பு இறுகும்.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா குழம்பில் சிலிக்கா பாதியளவுதான். சூடு 1,100 டிகிரி செல்சியஸுக்கும் மேல். வாயு எளிதாகப் பிரிந்துவிடும், குழம்பு ஆறுபோல வெகுதூரம் ஓடும். ஓடி ஓடிப் பரவி உறைந்ததால்தான், 4,169 மீட்டர் உயரமிருந்தும் அந்த மலை தரையில் கவிழ்த்த கேடயம்போல அகன்று கிடக்கிறது. 2022 நவம்பரில் அது குமுறியபோது மக்கள் நெடுஞ்சாலையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையில் சிலிக்கா 60 சதவீதத்துக்கும் மேல். அந்தக் கெட்டிக் குழம்பு வெகுதூரம் ஓடாது, வாய்க்கருகிலேயே குவியும். அதன்மேல் சாம்பல், மறுபடி குழம்பு என்று அடுக்கடுக்காகச் சேர்ந்து செங்குத்தான கூம்பு உருவாகும். 1980 வசந்தத்தில் உள்ளே ஏறிய குழம்பு வெளியேற வழியில்லாமல், மலையின் வடக்குச் சரிவு நாளுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் புடைத்தது. மே 18 காலை ஒரு நிலநடுக்கத்தில் அந்தச் சரிவு இடிந்து விழுந்தது. அழுத்தம் சட்டென்று விலக, சிக்கியிருந்த வாயு பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். மலை சுமார் 400 மீட்டர் உயரம் இழந்தது.

ஆனால் கெட்டியாக இருந்தால் மட்டும் வெடிக்காது, வாயுவும் வேண்டும். அதே மலையில் பின்னர் வாயு குறைந்த குழம்பு பள்ளத்துக்குள் மெதுவாகப் பிதுங்கி மேடாகக் குவிந்தது. மறுபக்கம், இளகிய குழம்புள்ள எரிமலையும் நிலத்தடி நீர் புகுந்தால் வெடிக்கும். ஹவாயின் கிலாவேயா 1924-இல் அப்படி வெடித்தது.

ஆகவே தட்டையான மலை என்றதும் பயமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சரிவைப் பார்த்தால் இதுவரை வந்த குழம்பின் குணம் தெரியும். அடுத்து வருவதை அறிய வாயுவையும் புடைப்பையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.