வெட்டுக்கிளிப் படை: அது திரளும் விதமும், முன்னறியும் முறையும், நிவாரணமும்

2020-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஜெய்ப்பூர் நகரத்தின் மாடிகளிலும் மரங்களிலும் இளஞ்சிவப்பு வர்ணமுள்ள பாலைவன வெட்டுக்கிளிகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கியபோது, அது எங்கிருந்தோ திடீரென்று வந்த விபத்து என்றே ஜனங்கள் பலரும் எண்ணினார்கள். ஆனால் அந்த விபரீதத்தின் வித்து இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அரேபியத் தீபகற்பத்தின் தென்பகுதியில், மனித சஞ்சாரமற்ற ரூப் அல் காலி என்னும் மணற்காட்டில் விழுந்துவிட்டது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் மெகுனு புயலும் அக்டோபர் மாதத்தில் லுபான் புயலும் அங்கே பெருமழையைக் கொட்டின; மணல்மேடுகளுக்கு நடுவே ஏரிகள் தேங்கின, பசுமை தழைத்தது. அனுகூலமான காலத்தில் இப்பூச்சி மூன்று மாதத்திற்கு ஒரு தலைமுறையாக, ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறத்தாழ இருபது மடங்கு பெருகக்கூடியது. ஆகையால் யார் கண்ணிலும் படாமல் மூன்று தலைமுறை கடந்தபோது அதன் தொகை எண்ணாயிரம் மடங்காகிவிட்டது.

தனித்திருப்பது படையாவது எப்படி?

பாலைவன வெட்டுக்கிளி சுபாவத்தில் தனிமையை விரும்புவது. குஞ்சுப் பருவத்தில் செடியோடு செடியாகப் பச்சை நிறத்திலும், வளர்ந்தபின் மணலோடு மணலாக மங்கிய பழுப்பு நிறத்திலும் இருக்கும். தன் இனத்தைக் கண்டால் விலகிப்போகும். பறப்பதையும் இரவிலேயே வைத்துக்கொள்ளும். படையாகத் திரளுவது வேறோர் இனமென்றே வெகுகாலம் கருதப்பட்டு வந்தது. இரண்டும் ஒரே பூச்சியின் இரண்டு நிலைகளே என்ற கொள்கையை, வேறொரு வகை வெட்டுக்கிளியை ஆராய்ந்து, போரிஸ் உவரோவ் என்னும் பூச்சியியல் அறிஞர் 1921-இல் வெளியிட்டார்.

மாற்றத்தைத் தொடங்கிவைப்பது மழையன்று. மழைக்குப் பின் வரும் வறட்சியே. மழையால் பெருகிய குஞ்சுகள், பசுமை காய்ந்து திட்டுத்திட்டாகக் குறுகும்போது, எஞ்சிய சில செடிகளில் நெருங்கி அடைய வேண்டியதாகிறது. அந்த நெருக்கத்தில் ஒன்றன் பின்னங்கால் தொடையில் மற்றொன்று ஓயாமல் உரசுகிறது. பரிசோதனைச் சாலையில் அந்தத் தொடையை மெல்லிய தூரிகையால் விட்டுவிட்டு வருடிக்கொண்டிருந்தபோது, தனித்திருந்த பூச்சி நான்கு மணி நேரத்திற்குள் கூட்டத்தை நாடும் குணத்தைப் பெற்றுவிட்டதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அவ்வேளையில் அதன் நெஞ்சுப் பகுதியிலுள்ள நரம்பு முடிச்சுகளில் செரோட்டோனின் என்னும் ரசாயனம் பெருகுவதையும், அதைத் தடுத்தால் குணமாற்றமும் தடைப்படுவதையும் 2009-இல் நிரூபித்தார்கள்.

முதலில் மாறுவது குணம்; நிறம் தோலுரிக்குந்தோறும் மாறிக் குஞ்சுகள் மஞ்சளும் கறுப்புமாகின்றன; சரீர அமைப்பு தலைமுறைகளில் மாறுகிறது. நெருக்கத்தில் வாழ்ந்த தாய் முட்டைகளைச் சுற்றி விடும் நுரையின் வாயிலாக அந்தச் சுபாவத்தின் ஒரு பங்கு பிள்ளைகளுக்கும் செல்வதாக ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். புதிதாகக் கூட்டம் சேர்ந்தவற்றைப் பிரித்துவிட்டால் அவை விரைவிலேயே பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். நெடுநாள் திரண்டு வாழ்ந்தவையோ எளிதில் திரும்புவதில்லை. ஆகையால் திரளத் தொடங்கும் அந்தச் சில வாரங்களே தடுப்பதற்கு உகந்த காலம்.

முன்னறிவிப்பு எப்படி நடக்கிறது?

ரோமாபுரியிலுள்ள ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் இதற்கென்றே ஒரு தகவல் நிலையத்தை நடத்துகிறது. இந்தியாவில் 1939-இல் தோன்றிய வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு ராஜஸ்தான், குஜராத் பாலைவனப் பகுதிகளைக் கண்காணிக்கிறது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து மழையையும் மண்ணின் ஈரத்தையும் புதுப்பசுமையையும் அறிகிறார்கள். ஓரிடத்தில் அடுத்தடுத்த இரண்டு மாதங்கள் 25 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால், அங்கே இனப்பெருக்கம் நிகழக்கூடும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் செயற்கைக்கோளின் கண்ணுக்குப் பூச்சி தெரிவதில்லை. பச்சை மட்டுமே தெரியும். அந்தப் பச்சையில் பூச்சி இருக்கிறதா, எந்த வயதில் எத்தனை நெருக்கமாக இருக்கிறது என்பதை ஆய்வுக் குழுவினர் நேரில் நடந்து எண்ணிக் கைக்கருவியில் பதிந்து அனுப்பவேண்டும். அப்பதிவையும் வெப்பநிலையையும் கொண்டு முட்டை பொரியும் நாளையும் இறகு முளைக்கும் நாளையும் கணித்து, காற்றின் திசையைப் பார்த்துப் பிரயாண வழியைச் சொல்கிறார்கள். ஏனெனில் படை பகலில், பெரும்பாலும் காற்றடிக்கும் போக்கிலேயே பறக்கிறது.

2020-இல் இக்கணிப்பு பலித்த விதம் நோக்கத்தக்கது. ஈரானிலும் பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்திலும் வசந்தகாலத்தில் பெருகிய படை, வழக்கத்துக்கு மாறாக மழைக்காலத்துக்கு முன்பே ராஜஸ்தானத்தை அடைந்தது. அங்கே தின்னப் பசுமையில்லை. வங்கக் கடலில் எழுந்த ஆம்பன் புயல் மேற்கிலிருந்து பலத்த காற்றை இழுத்தது. ஆகவே படை மத்தியப் பிரதேசம் வரை கிழக்கே சென்றது. பருவக்காற்று திரும்பியதும் படையும் ராஜஸ்தானத்துக்கே திரும்பி முட்டையிடும் என்றும், தென்னிந்தியாவை எட்டுவது அரிது என்றும் மே மாத இறுதியிலேயே உணவு விவசாய ஸ்தாபனம் அறிவித்தது, அவ்வாறே நடந்தது. அச்சமயம் கிருஷ்ணகிரியில் எருக்கஞ்செடிகளில் மொய்த்த பூச்சிகளைக் கண்டு நம் விவசாயிகள் கலங்கினார்கள். அவை உள்ளூர் இனமே என்று அதிகாரிகள் தெளிவுபடுத்தினார்கள்.

ஆனால் 2018-இல் ரூப் அல் காலியில் முன்னறிவிப்பு தவறியதற்குக் காரணம், அங்கே நடந்து பார்க்க ஆளில்லாமையே. அடுத்து படை புகுந்த யேமனிலோ, யுத்தம் ஆய்வுக் குழுக்களைத் தடுத்தது.

பாதிக்கப்பட்டவர் அறியவேண்டியவை

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள படையில் நான்கு கோடிப் பூச்சிகள் இருக்கலாம். அவை ஒரு நாளில் தின்பது 35,000 பேர் உண்ணும் உணவுக்குச் சமம். இளஞ்சிவப்பாக இருந்தால் இளம் பருவம். மிகுதியாகத் தின்று தொலைதூரம் பறக்கும். மஞ்சளாக இருந்தால் முட்டையிடும் பருவம். இரண்டு வாரங்களில் குஞ்சுகளை எதிர்பார்த்து அந்த நிலத்தைக் கவனிக்கவேண்டும். தகரம் தட்டி விரட்டுவது படையைப் பக்கத்து வயலுக்கு அனுப்புவதன்றி வேறு பயன் தராது. அது மாலையில் எங்கே அடைகிறது என்பதை உடனே விவசாய அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே உபாயம். மறுநாள் வெயில் ஏறி அது கிளம்புவதற்குள் மருந்து தெளித்தாகவேண்டும். தெளித்த இடத்தில் கால்நடைகளை மேயவிடுவதும், செத்த பூச்சிகளைக் கோழிக்கு இடுவதும் அபாயம்.

நஷ்டத்திற்கு ஈடு பெற இரண்டு வழிகள் உண்டு. பூச்சித் தாக்குதல் மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்குரிய இடர்களில் ஒன்றாதலால், பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் விவசாயி உதவித்தொகை கோரலாம்; வருவாய்த்துறைக் கணக்கெடுப்பில் தம் வயல் சேர்ந்திருக்கிறதா என்பதை அவரே உறுதிசெய்துகொள்ளவேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டிலும் பூச்சிச் சேதம் அடங்கும். ஆனால் அதன் ஈடு, குறித்த பகுதியின் சராசரி விளைச்சல் குறைந்தால்தான் வரும். 72 மணி நேரத்தில் அறிவித்துத் தனி வயலுக்கு ஈடு கேட்கும் வழி ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்றவற்றுக்கே உரியது. எனவே தம் வயல் மட்டும் அழிந்தவர் காப்பீட்டை நம்பிக் காத்திராமல் நிவாரண மனுவையே முதலில் கொடுப்பது நலம்.

படை வந்தபின் மருந்துக்கும் வாகனத்துக்கும் பணம் தாராளமாக ஒதுக்கப்படுகிறது. அமைதியான ஆண்டுகளிலோ ஆய்வுக் குழுக்களே முதலில் குறைக்கப்படுகின்றன. மழை பெய்த பாலைவனத்துக்கு அந்த மாதமே ஆளனுப்புவதற்கான செலவை எந்த ஆண்டிலும் நிறுத்தலாகாது என்று ஆட்சியாளரிடம் வற்புறுத்துவது, நிவாரணம் கேட்பதைப் போலவே விவசாயியின் உரிமை.