வியாபாரமே நடக்கவில்லை, அபராதம் மட்டும் எப்படி வந்தது?

ஈரோட்டில் ஒரு சிறிய தையல் யூனிட் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆர்டர் இல்லாமல் மூடிக் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். பில் போடவில்லை, கொள்முதலும் இல்லை. "கணக்கே இல்லாதபோது ரிட்டர்ன் எதற்கு?" என்று உரிமையாளர் விட்டுவிட்டார். ஆனால் ஜிஎஸ்டி பதிவு உயிரோடு இருக்கும்வரை விற்பனை இல்லாத மாதத்துக்கும் 'நில்' ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

நில் 3பி ரிட்டர்னுக்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய். மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாய்க்கு மேல் போகாது. மாதாந்திரக் கணக்குக்காரருக்கு ஒவ்வொரு மாதத்தின் 3பி-யும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். நம்மவர் அக்டோபர் 5-ல் உட்காருகிறார். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கும் உச்சவரம்பைத் தொட்டுவிட்டன. அது 2,000 ரூபாய். ஆகஸ்டுக்கு 15 நாள் தாமதம், 300 ரூபாய். ஆக மொத்தம் 2,300.

எந்த மாதத்தையும் தாண்டிப் போக முடியாது. முதலில் ஏப்ரலுக்கு ஜிஎஸ்டிஆர்-1, அதன்பின் ஏப்ரல் 3பி. பிறகுதான் மே மாதம் திறக்கும். இங்கே பலர் குழம்புகிறார்கள்: ஏப்ரல் 3பி பணம் கேட்காமலே போய்விடும். அதன் கட்டணத்தை மே 3பி-தான் கேட்கும். அதனால் ஆகஸ்ட் வரை முடிக்க 2,000 ரூபாய் போதும். மீதி 300 செப்டம்பர் ரிட்டர்னில் வந்து நிற்கும். நில் ரிட்டர்னை எஸ்எம்எஸ்ஸில் போடும் வசதியும் இப்படிப் பாக்கி இருக்கும்போது உதவாது.

இந்தப் பணத்தை உள்ளீட்டு வரி வரவில் கழிக்க முடியாது. சலான் போட்டுக் கட்ட வேண்டும். சலானில் மத்திய, மாநில வரிசைகளில் ஆயிரம் ஆயிரமாக 'Fees' என்ற கட்டத்தில் போடுங்கள். அவசரத்தில் 'Tax' கட்டத்தில் போட்டுவிட்டால் பணம் இருந்தும் ரிட்டர்ன் நகராது. பதற வேண்டாம், PMT-09 படிவத்தில் கட்டம் மாற்றிக்கொள்ளலாம்.

போடுவதற்கு முன் ஒரு முறை பில் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஒரே ஒரு விற்பனை இருந்தாலும் அந்த மாதம் நில் அல்ல. வரி விழுந்தால் கட்டணம் நாளுக்கு 50 ரூபாயாகும், வரிக்கு வட்டியும் சேரும்.

500 ரூபாயோடு நின்றுவிடுகிறதே என்று இன்னும் தள்ளிப்போடுவது தவறு. தொடர்ந்து 6 மாதம் ரிட்டர்ன் போகாவிட்டால் பதிவை ரத்து செய்ய அதிகாரி நோட்டீஸ் அனுப்பலாம். பதில் சொல்ல 7 வேலை நாள்தான். நம்மவருக்கு ஆறாவது மாதம் செப்டம்பர். அதன் கெடு அக்டோபர் 20. அதற்குள் ஐந்து மாதப் பாக்கியையும் முடித்து, செப்டம்பரையும் போட்டுவிட வேண்டும்.