63.7 சதவீதமா, 4.4 சதவீதமா? கேரளச் சுற்றுலா அட்டவணையிலிருந்து ஆண்டு வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிடுவது எப்படி

மூணாறு, தேக்கடி, மலம்புழா, நெல்லியாம்பதி எனத் தமிழக எல்லையை ஒட்டிய கேரளப் பகுதிகளில் ஏராளமானோரின் வருவாய், அங்கு வந்து செல்லும் பயணிகளின் எண்ணிக்கையைச் சார்ந்துள்ளது. வீட்டின் மாடியில் இரண்டு அறைகளைக் கூடுதலாகக் கட்டலாமா, கடன் பெற்று இன்னொரு ஜீப் வாங்கலாமா என்று யோசிப்பவரின் கைப்பேசிக்கு, அறிக்கை ஒன்றின் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆண்டுவாரியான எண்கள் இருக்கும், அதன் கீழே "கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம் 63.7 சதவீதம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த எண் பொய்யன்று. ஆயினும் அதை நம்பிக் கடன் வாங்கினால் தவணை கட்டுவது கடினம்.

கேரளச் சுற்றுலாத் துறை வெளியிட்ட உள்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு இதனைப் பார்க்கலாம். எண்கள் லட்சத்தில் தரப்பட்டுள்ளன.

2018: 156.05
2019: 183.84
2020: 49.89
2021: 75.38
2022: 188.67
2023: 218.72

கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம் (சிஏஜிஆர்) என்பது ஒரு கற்பனை விகிதம். தொடக்க ஆண்டின் எண், ஒவ்வோர் ஆண்டும் ஒரே விகிதத்தில், வட்டிக்கு வட்டி சேர்வதைப்போல் வளர்ந்து இறுதி ஆண்டின் எண்ணை அடைந்திருந்தால், அந்த விகிதம் எவ்வளவாக இருந்திருக்கும் என்பதையே அது கூறுகிறது. உண்மையில் எந்த ஆண்டும் அந்த விகிதத்தில் வளர்ந்திருக்க வேண்டியதில்லை.

கணக்கின் படிகள்

கொரோனாவுக்கு முந்தைய 2019-ஐத் தொடக்கமாகவும் 2023-ஐ இறுதியாகவும் எடுத்துக்கொள்வோம். முதலில் இறுதி எண்ணைத் தொடக்க எண்ணால் வகுக்க வேண்டும். 218.72-ஐ 183.84-ஆல் வகுத்தால் 1.1897 கிடைக்கும். அதாவது நான்கு ஆண்டுகளில் பயணிகளின் எண்ணிக்கை மொத்தமாகச் சுமார் 19 சதவீதம் கூடியுள்ளது.

அடுத்து, இடையில் எத்தனை ஆண்டுகள் கடந்தன என்று எண்ண வேண்டும். பலரும் தடுமாறும் இடம் இதுதான். 2019 முதல் 2023 வரை அட்டவணையில் ஐந்து வரிகள் உள்ளன. ஆனால் கடந்த ஆண்டுகள் நான்கு மட்டுமே. சாலையோரத்தில் ஐந்து மைல்கற்கள் இருந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவு நான்கு மைல்தானே. வரிகளை எண்ணாமல், 2023-இலிருந்து 2019-ஐக் கழித்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. ஐந்து என்று தவறாக வைத்துக் கணக்கிட்டால் விடை 3.5 சதவீதமாகக் குறைந்துவிடும்.

மூன்றாவதாக, 1.1897-க்கு நான்காம் மூலம் காண வேண்டும். சாதாரணக் கால்குலேட்டரிலேயே இதைச் செய்யலாம். வர்க்கமூலப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 1.0907, மறுமுறை அழுத்தினால் 1.0444. இதிலிருந்து ஒன்றைக் கழித்து நூறால் பெருக்கினால் 4.44. எனவே கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம் சுமார் 4.4 சதவீதம் ஆகும். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு போன்ற இடைவெளிகளுக்கு வர்க்கமூலம் உதவாது. கைப்பேசிக் கால்குலேட்டரின் அறிவியல் பகுதியிலுள்ள அடுக்குப் பொத்தானையோ விரிதாளையோ பயன்படுத்த வேண்டும். விரிதாளில் எழுத வேண்டியது இது:

```
=(218.72/183.84)^(1/4)-1
```

விடை சரியா என்பதை உடனே சோதித்துவிடலாம். 183.84-ஐ 1.0444-ஆல் நான்கு முறை அடுத்தடுத்துப் பெருக்கினால் 192.00, 200.53, 209.43, 218.73 என வரும். கடைசி எண் அட்டவணையின் 218.72-ஐ ஏறத்தாழத் தொட்டுவிட்டது. இரண்டாம் தசம இடத்தில் தெரியும் சிறு வேறுபாடு, விகிதத்தைச் சுருக்கி எழுதியதால் வந்தது.

சராசரி ஏன் ஏமாற்றுகிறது?

"ஒவ்வோர் ஆண்டின் சதவீதத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் போதாதா?" என்ற கேள்வி எழுவது இயல்பு. எடுத்துப் பார்ப்போம். 2020-இல் 72.9 சதவீத வீழ்ச்சி, 2021-இல் 51.1 சதவீத உயர்வு, 2022-இல் 150.3 சதவீத உயர்வு, 2023-இல் 15.9 சதவீத உயர்வு. இவற்றைக் கூட்டி நான்கால் வகுத்தால் 36.1 சதவீதம் வருகிறது.

ஆண்டுக்கு 36.1 சதவீதம் வளர்ந்திருந்தால் 2023-இல் கேரளத்துக்கு 6.3 கோடி உள்நாட்டுப் பயணிகள் வந்திருக்க வேண்டும். வந்தவர்கள் 2.19 கோடிப் பேரே. பிழைக்குக் காரணம் எளிது. வீழ்ச்சியும் உயர்வும் வெவ்வேறு அடிப்படை எண்களின்மீது கணக்கிடப்படுகின்றன. நூறு ரூபாயில் எழுபத்து மூன்று போய்விட்டால் மிஞ்சுவது இருபத்தேழு. அது மீண்டும் நூறாக 73 சதவீத உயர்வு போதாது, 270 சதவீத உயர்வு வேண்டும். ஆகவே பெரிய வீழ்ச்சி இடம்பெறும் எந்த அட்டவணையிலும் சாதாரணச் சராசரி, உண்மையைவிட உயர்ந்த எண்ணையே காட்டும்.

63.7 எங்கிருந்து வந்தது?

இனி ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருவோம். அட்டவணையின் மேல் இரண்டு வரிகளை வெட்டிவிட்டு, 2020-இலிருந்து மட்டும் காட்டினால் தொடக்க எண் 49.89 ஆகிவிடும். 218.72-ஐ அதனால் வகுத்தால் 4.384. இடைவெளி மூன்று ஆண்டுகள். 4.384-க்கு மூன்றாம் மூலம் 1.637. விகிதம் 63.7 சதவீதம். கணக்கில் எந்தத் தவறும் இல்லை. தொடக்கப் புள்ளி மட்டும் கொரோனாவால் சாலைகளும் விடுதிகளும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த ஆண்டாக அமைந்துவிட்டது. அது மீட்சியின் வேகத்தைக் காட்டுகிறது, வளர்ச்சியின் வேகத்தை அன்று.

2018-ஐத் தொடக்கமாகக் கொண்டால் விடை 7.0 சதவீதம். அந்த ஆண்டும் முற்றிலும் இயல்பானதன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்காக மூணாறு காத்திருந்த வேளையில், ஆகஸ்ட் மாதப் பெருவெள்ளம் இடுக்கி மாவட்டத்தையே முடக்கியது. ஒரே அட்டவணையில் தொடக்க ஆண்டை மட்டும் மாற்றினால் 4.4, 7.0, 63.7 என மூன்று விடைகள் கிடைக்கின்றன. அதனால் தொடக்க ஆண்டும் இறுதி ஆண்டும் குறிப்பிடப்படாத வளர்ச்சி விகிதத்தை ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

63.7 சதவீதம் தொடருமா என்பதைச் சில வினாடிகளில் சோதிக்கலாம். 218.72 லட்சத்தை 1.637-ஆல் மூன்று முறை பெருக்கினால் 2026-இல் 9.6 கோடிப் பயணிகள் என்று வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தின் மக்கள்தொகையே 3.34 கோடிதான். நடந்ததும் வேறு: 2024-இல் உள்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை சுமார் 2.22 கோடி, அதாவது 1.7 சதவீத உயர்வு மட்டுமே.

வெட்டப்பட்ட வரியைச் சில வேளைகளில் மீட்டெடுக்கவும் முடியும். இத்தகைய அட்டவணைகளில் "முந்தைய ஆண்டைவிட மாற்றம்" என்றொரு பத்தி பெரும்பாலும் இருக்கும். 2020-க்கு நேராக -72.86 என்று இருந்தால், அவ்வாண்டின் எண், முந்தைய ஆண்டின் எண்ணில் 27.14 சதவீதம் என்று பொருள். 49.89-ஐ 0.2714-ஆல் வகுத்தால் 183.8 கிடைக்கும். மறைக்கப்பட்ட 2019 இதோ வந்துவிட்டது. இதே வழியில், மங்கலான படத்தில் 3-ஐ 8 என்று படித்துவிட்டோமா என்பதையும் கண்டறியலாம். அடுத்தடுத்த இரண்டு எண்களை வகுத்து வரும் மாற்றம், அச்சிடப்பட்ட சதவீதத்துடன் பொருந்தாவிட்டால் ஏதோ ஓர் இலக்கம் தவறு.

எண்கள் லட்சத்திலா கோடியிலா என்று தலைப்பு தெரியாமல் போனாலும் கவலையில்லை. வகுக்கும்போது அலகு நீங்கிவிடும். ஆனால் எல்லா வரிகளும் முழு ஆண்டுக்குரியவையாக இருக்க வேண்டும். கடைசி வரி முதல் ஆறு மாதங்களுக்கு மட்டும் உரியது என்ற அடிக்குறிப்பு படத்துக்கு வெளியே போயிருந்தால், வளர்ச்சிகூட வீழ்ச்சியாகத் தோன்றும்.

வீழ்ச்சிக்கும் இதே கணக்குதான்

கேரளத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2019-இல் 11.90 லட்சம் பேர், 2023-இல் 6.49 லட்சம் பேர். வகுத்தால் 0.5454, வர்க்கமூலம் இருமுறை எடுத்தால் 0.8594. ஒன்றைக் கழித்தால் எதிர்ம எண் வரும்: ஆண்டுக்குச் சுமார் 14.1 சதவீத வீழ்ச்சி. உள்நாட்டு எண்ணிக்கை சாதனை அளவை எட்டிய அதே ஆண்டில், வெளிநாட்டவரை நம்பியிருந்த விடுதிகளின் நிலை இது.

மாற்றம் சிறிதாக இருக்கும் இடங்களில் இந்தக் கணக்குக்கும் சாதாரண வகுத்தலுக்கும் பெரிய வேறுபாடு இராது. பாலக்காடு மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 26,17,482, 2011-இல் 28,09,934. பத்தாண்டு வளர்ச்சியான 7.35 சதவீதத்தைப் பத்தால் வகுத்தால் 0.74, கூட்டு விகிதம் 0.71. அதே காலத்தில் இடுக்கியின் மக்கள்தொகை 11,29,221-இலிருந்து 11,08,974-ஆகக் குறைந்தது. இரு முறைகளிலும் ஆண்டுக்கு 0.18 சதவீத வீழ்ச்சியே வருகிறது.

மாநில அளவிலான 4.4 சதவீதம், மூணாறுக்கோ மலம்புழாவுக்கோ அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. பாலக்காடு மாவட்டத்திலுள்ள பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியே செல்ல வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழகத்துக்குள் புகுந்துதான் போக வேண்டும். எல்லையில் வாகனங்கள் நிறுத்தப்படும் ஆண்டில் அங்கு ஏற்படும் பாதிப்பை மாநில எண் சொல்லாது. அறை கட்ட நினைப்பவர், தம் மாவட்டத்துக்குரிய வரியை எடுத்து, 2019-ஐத் தொடக்கமாக வைத்துக் கணக்கிட வேண்டும். கூடவே அட்டவணையின் மிகக் குறைந்த ஆண்டையும் பார்க்க வேண்டும். கூட்டு விகிதம் தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் மட்டுமே பயன்படுத்துவதால், நடுவில் இருந்த 49.89 லட்சம் என்ற எண் 4.4 சதவீதத்துக்குள் தடமின்றி மறைந்துவிடுகிறது. வங்கித் தவணையோ அந்த ஆண்டிலும் மாதந்தோறும் வரும்.