சக்கரத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி

சைக்கிள் டயரின் ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வண்டியை நேராக உருட்டினால், அந்தப் புள்ளி காற்றில் வரைந்து செல்லும் கோட்டுக்கு சைக்ளாய்டு என்று பெயர். தரையிலிருந்து எழுந்து, வளைந்து மேலேறி, இறங்கி மறுபடி தரையைத் தொடும் வளைவுகளின் வரிசை அது. இந்தக் கோட்டுக்குத் தொடுகோடு வரைவது எப்படி என்ற கேள்வியில் 1638 வாக்கில் டெகார்ட், ஃபெர்மா, ரோபர்வால் மூவருமே இறங்கினார்கள். நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை உருவாக்குவதற்கு முந்தைய காலம் அது.

இன்றைய பிளஸ் டூ மாணவருக்கு வேலை எளிது. சக்கரத்தின் ஆரம் 1 என்றும், அது சுழன்ற கோணம் t ரேடியன் என்றும் வைத்துக்கொண்டால், புள்ளி இருக்கும் இடம் x = t − sin t, y = 1 − cos t. இங்கே y நேரடியாக x-ஐச் சார்ந்து எழுதப்படவில்லை. இரண்டையும் t என்ற துணையலகுதான் நடத்துகிறது. ஆகவே, t சற்றே கூடும்போது புள்ளி எவ்வளவு மேலேறுகிறது, எவ்வளவு முன்னேறுகிறது என்று தனித்தனியே கண்டு, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் தொடுகோட்டின் சாய்வு வந்துவிடும்.

dy/dx = sin t / (1 − cos t)

சக்கரம் 60 பாகை சுழன்றதும் மேலேறும் வேகம் 0.866, முன்னேறும் வேகம் 0.5. சாய்வு ஏறத்தாழ 1.73. தொடுகோடு தரையோடு 60 பாகை சாய்ந்து நிற்கிறது. அதை அப்படியே நீட்டினால் அந்த நொடியில் சக்கரத்தின் உச்சி இருக்கும் இடத்தில் போய் முட்டும். எந்த நொடியில் பார்த்தாலும் இப்படித்தான். சைக்ளாய்டில் இதைவிட அழகான செய்தி இல்லை.

தொடுகோடு எங்கே படுக்கையாக இருக்கும்? மேலேறும் வேகம் பூச்சியமாகும் இடத்தில். sin t பூச்சியமாவது t = 0, π, 2π ஆகிய இடங்களில். t = π வளைவின் உச்சி; அங்கே தொடுகோடு கிடைமட்டம்தான். ஆனால் t = 0-வில், புள்ளி தரையைத் தொடும் இடத்தில், முன்னேறும் வேகமும் பூச்சியம். 0/0 எதையும் சொல்லாது. அருகே சென்றுதான் பார்க்க வேண்டும். t = 0.1 எனில் சாய்வு ஏறத்தாழ 20; t = 0.01 எனில் 200. எல்லையில் தொடுகோடு செங்குத்தாகிவிடுகிறது. மேல் வேகம் பூச்சியம் என்றதும் ‘கிடைமட்டம்’ என்று எழுதிவிடுபவர்கள் மதிப்பெண் இழப்பது இந்தக் கூர்முனையில்தான்.

குழிவைக் கண்டுபிடிப்பதில் இன்னொரு பொறி உண்டு. y-இன் இரண்டாம் வகைக்கெழுவை x-இன் இரண்டாம் வகைக்கெழுவால் வகுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் cos t / sin t கிடைக்கும். 60 பாகையில் அது 0.58, மிகை எண். அதாவது வளைவு அங்கே மேல்நோக்கிக் குழிந்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்தாலே அது பொய் என்று தெரியும். சரியான வழி, சாய்வு t-யோடு மாறும் வேகத்தைக் கண்டு, அதை மறுபடி dx/dt-ஆல் வகுப்பது. விடை −1/(1 − cos t)². 60 பாகையில் −4. கூர்முனைகளைத் தவிர எங்கும் இது குறை எண்ணே. ஒவ்வொரு வளைவும் முழுக்கக் கீழ்நோக்கிக் குழிந்தது.

துருவ வளைவுக்கும் இதே வழிதான். மேடையில் பாடகர் பிடிக்கும் மைக்குகளில் பல கார்டியாய்டு வகை: முன்னால் வரும் ஒலியை நன்றாக வாங்கும், நேர் பின்னால் வருவதைத் தள்ளிவிடும். எந்தத் திசையில் எவ்வளவு வாங்கும் என்பதை r = 1 + cos θ என்ற வளைவு காட்டுகிறது. இதில் dr/dθ சாய்வல்ல. θ = 0-வில் dr/dθ பூச்சியம்; தொடுகோடோ செங்குத்து. முதலில் x = r cos θ, y = r sin θ என்று மாற்றிக்கொண்டால், θ-வே துணையலகு ஆகிவிடும்.

dy/dθ = (2 cos θ − 1)(cos θ + 1)
dx/dθ = −sin θ (1 + 2 cos θ)

முதலாவது பூச்சியமாவது 60, 300, 180 பாகைகளில். 60-இல் r = 1.5, உயரம் ஏறத்தாழ 1.3, மேல்பக்கத்தின் உச்சி அதுவே. 300 அதன் கீழ்ப்பக்கப் பிம்பம். 180-இல், மைக் எதையும் வாங்காத பின்திசையில், இரண்டு வேகங்களும் மறுபடி பூச்சியம். ஆனால் இம்முறை அருகே போகப் போகச் சாய்வு பூச்சியத்தை நெருங்குகிறது: 170 பாகையில் ஏறத்தாழ −0.27, 179-இல் −0.03. சைக்ளாய்டில் செங்குத்தைத் தந்த அதே 0/0, இங்கே கிடைமட்டத் தொடுகோட்டைத் தருகிறது.

மேல்பாதியின் குழிவும் வழியில் மாறுகிறது. 120 பாகை வரை கீழ்நோக்கிக் குழிவு. அங்கே வளைவு இடக்கோடியை எட்டி, தொடுகோடு செங்குத்தாகிறது. பிறகு வளைவு வலப்பக்கம் திரும்பி, மேல்நோக்கிக் குழிந்தபடி மையத்தின் கூர்முனைக்கு இறங்குகிறது.