தாய் மாத்திரை விழுங்கினால் பால் விஷமாகுமா?

நாமக்கல்லில் பல் சீழுக்கு அமாக்சிசிலின் வாங்கும் தாய், பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. இம்மருந்து இரத்தத்தில் மின்னேற்றத்துடன் இருப்பதால், கொழுப்புச் சவ்வைக் கடந்து பாலுக்குள் போவது கடினம். ஒரு கிராம் விழுங்கினாலும், ஒரு லிட்டர் பாலில் உச்சமாகச் சேர்வது சுமார் 1 மில்லிகிராம்தான். 4 கிலோ குழந்தை நாளுக்கு 600 மில்லி குடித்தால் 0.6 மில்லிகிராம் கிடைக்கும். அதே குழந்தைக்கு நோய் வந்தால் மருத்துவர் நேரடியாகக் கொடுப்பதோ நாளுக்கு சுமார் 100 மில்லிகிராம்.

சிறிதளவும் குடல் கிருமிகளைக் கலைக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சில குழந்தைகளுக்கு மலம் இளகும், வாயில் வெண்படலம் வரும், கவனித்தால் போதும். ஆனால் எல்லா மருந்தும் ஒன்றல்ல: மஞ்சள்காமாலையுள்ள பச்சிளங்குழந்தைக்குப் பாலூட்டுபவர் கோட்ரைமாக்சசோல் தவிர்ப்பது நல்லது. எனவே, குழந்தையின் வயதைச் சொல்லியே மருந்து கேளுங்கள்.